கட்டளை என்பதால் நன்மையா, நன்மை என்பதால் கட்டளையா?



ஞானோபதேச வகுப்பில் பத்துக் கற்பனைகளைப் படிக்கும்போது, சூட்டிகையான பிள்ளை ஒன்று சில சமயம் இப்படிக் கேட்டுவிடும்: “கொலை செய்யாதே என்று சர்வேசுரன் சொன்னதால்தான் கொலை பாவமா? அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கொலை செய்யலாமா?” இதைக் குறும்புக் கேள்வி என்று அடக்கிவிடலாகாது. ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்தில் இதே கேள்வி எழுதி வைக்கப்பட்டது. அதற்கு விடை தெரியாமல் “தேவசித்தம்” என்ற சொல்லைப் பேசுகிறவன், தானறியாமலே சர்வேசுரனை ஒரு கொடுங்கோல் அரசனாக்கிவிடக் கூடும். ஆகையால் இந்த வாரம் இக்கேள்வியைப் பொறுமையாக எடுத்துப் பார்ப்போம்.

பள்ளத்தில் கிடந்த கூலியாள்

கிறிஸ்து பிறப்பதற்கு 399 ஆண்டுகளுக்கு முன், ஆதென்ஸ் பட்டணத்தில் சாக்ரட்டீஸ் என்னும் ஞானி, தெய்வபக்தி இல்லாதவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். அந்த வழக்கின் தொடர்பாக அவர் நீதிமன்ற வாசலுக்குப் போனபோது, யூத்திப்ரோ என்பவரைச் சந்தித்ததாக அவருடைய சீடர் பிளாத்தோ ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார். யூத்திப்ரோ குறி சொல்லுகிறவர். தெய்வ காரியங்கள் தமக்குத் துல்லியமாகத் தெரியும் என்று நம்புகிறவர். அவர் அன்று நீதிமன்றத்துக்கு வந்த காரணம் விசித்திரமானது. தம் சொந்தத் தகப்பனார்மேல் கொலை வழக்குப் போட வந்திருந்தார்.

நடந்தது இதுதான். நாக்சோஸ் என்னும் தீவில் அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அங்கே வேலை செய்த கூலியாள் ஒருவன் குடித்துவிட்டு, வீட்டு அடிமைகளில் ஒருவனோடு சண்டையிட்டு அவனைக் கொன்றுவிட்டான். தகப்பனார் அந்தக் கூலியாளைக் கையுங்காலும் கட்டி ஒரு பள்ளத்தில் போட்டார். பிறகு, அவனை என்ன செய்யவேண்டும் என்று சமய விதிகளை விளக்கும் அதிகாரியிடம் கேட்டுவர ஆதென்சுக்கு ஓர் ஆளை அனுப்பினார். ஆள் கடல் தாண்டிப் போய்த் திரும்புமுன், பள்ளத்தில் கிடந்தவன் பசியாலும் குளிராலும் கட்டுகளாலும் செத்துப்போனான்.

வழக்குப் போட்ட மகனைக் குடும்பத்தார் எல்லாரும் திட்டினார்கள். கொலைகாரக் கூலி ஒருவனுக்காகப் பெற்ற தகப்பனை நீதிமன்றத்துக்கு இழுப்பது தெய்வபக்திக்கு விரோதம் என்பது அவர்கள் கட்சி. கொலை செய்தவன் தகப்பனேயானாலும் தண்டிப்பதுதான் தெய்வபக்தி என்பது மகனுடைய கட்சி. இரண்டு பக்கத்தாரும் தெய்வங்களின் பெயரைத்தான் சொன்னார்கள்.

பிளாத்தோ சொல்லாத ஒன்றை நாம் இங்கே கவனிப்போம். கரும்பு வெட்டுக்கு முன்பணம் வாங்கி வரும் ஆட்களை நம் படாளம் சுற்றுவட்டாரத்தார் அறிவார்கள். கூலிக்காரன் எப்படி வந்து, யாருக்கு அடங்கி நிற்கிறான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தகப்பனாரும் தம்மை மதபக்தியுள்ளவராகவே எண்ணியிருப்பார். விதி என்ன என்று முறையாக ஆள் அனுப்பிக் கேட்டாரே! ஆனால் பள்ளத்தில் கிடந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க எந்த அதிகாரியின் உத்தரவும் தேவையில்லை. கேட்கவேண்டிய காரியம் எது, கேளாமலே செய்யவேண்டிய காரியம் எது என்று அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையும் அதன் உள்ளேயிருப்பதும்

சாக்ரட்டீஸ் யூத்திப்ரோவிடம், “பக்தியான செயல் என்றால் என்ன?” என்று கேட்கிறார். தெய்வங்களுக்குப் பிரியமானதே பக்தியான செயல் என்று அவர் பதில் சொல்லுகிறார். கிரேக்கர் கதைகளில் தெய்வங்கள் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. ஒன்றுக்குப் பிரியமானது மற்றொன்றுக்கு வெறுப்பு. ஆகவே யூத்திப்ரோ தம் விடையைத் திருத்தி, எல்லாத் தெய்வங்களுக்கும் பிரியமானதே பக்தியானது என்கிறார். அப்பொழுதுதான் அந்தப் பெயர்பெற்ற கேள்வி வருகிறது. அது பக்தியானது என்பதால் தெய்வங்கள் அதை நேசிக்கின்றனவா? அல்லது தெய்வங்கள் நேசிப்பதால்தான் அது பக்தியானதாகிறதா?

முதலில் யூத்திப்ரோவுக்கு வித்தியாசம் விளங்கவில்லை. சாக்ரட்டீஸ், சுமக்கப்படும் பொருளை உதாரணமாகக் காட்டுகிறார். நாம் அதை நம்முடைய மூட்டையாகவே வைத்துப் பார்ப்போம்.

ஒருவன் தலையில் மூட்டை இருக்கிறது. அது “சுமக்கப்படும் மூட்டை.” அதற்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? அவன் சுமக்கிறான் என்பதால் வந்தது. “அது சுமக்கப்படும் மூட்டையாக இருப்பதால் அவன் அதைச் சுமக்கிறான்” என்று புத்தியுள்ளவன் எவனும் சொல்லமாட்டான். அவன் சுமப்பதற்குக் காரணம் வேறே இருக்கிறது: உள்ளே நெல் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியே, “நேசிக்கப்படுவது” என்ற பெயரும் ஒருவர் நேசிப்பதால் வருகிறது. அந்தப் பெயரே நேசத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. நேசிப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கவேண்டும்.

நல்ல செயலைத் தெய்வம் ஏன் நேசிக்கிறது என்று கேட்டால், அது நல்லதாயிருப்பதால் என்று யூத்திப்ரோவே ஒப்புக்கொள்ளுகிறார். அப்படியானால் “தெய்வத்துக்குப் பிரியமானது” என்பது நன்மைக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறதேயன்றி, நன்மை இன்னதென்று சொல்லவில்லை. மூட்டை சுமக்கப்படுகிறது என்று சொன்னார், உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. யூத்திப்ரோ மேலும் சில விடைகளைச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவசர வேலை இருக்கிறதென்று போய்விடுகிறார். உரையாடல் முடிவில்லாமல் முடிகிறது.

இந்தக் கேள்வி நம்மை விட்டுவிடுமா?

“அது பல தெய்வங்களை வணங்கினவர்களின் சிக்கல், நமக்கோ ஒரே சர்வேசுரன்” என்று சிலர் நினைக்கலாம். தெய்வங்களுக்குள் சண்டை என்ற சிக்கல் மாத்திரம் நமக்கில்லை. கேள்வி அப்படியே நிற்கிறது. கொலையும் களவும் பொய்ச்சாட்சியும் தீமையாவது சர்வேசுரன் விலக்கினதால் மட்டுமா, அல்லது அவை தீமையாயிருப்பதால் அவர் விலக்கினாரா?

முதல் வழியில் போவோம். அவர் கட்டளையிட்டதால் மட்டுமே நன்மை நன்மையாகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வேசுரனுடைய வல்லமையை மிகவும் உயர்த்துவதாகத் தோன்றுவதால் பக்தியுள்ளவர்களுக்கு இது முதலில் பிடிக்கும். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓக்காம் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி இவ்வழியில் வெகுதூரம் போனார். களவையும் விபசாரத்தையும் சர்வேசுரன் கட்டளையிட்டால் அவற்றைச் செய்வதும் புண்ணியமாகக்கூடும் என்று அவர் எழுதினார். அவர் அப்படிச் செய்யச் சொன்னவரல்லர்; வழியின் முடிவு எங்கே என்று மறைக்காமல் காட்டினவர். ஆனால் முடிவைப் பார்த்தபின் நாம் அவ்வழியில் நிற்கமுடியுமா? அங்கே நின்றால், “சர்வேசுரன் நல்லவர்” என்று நாம் பாடுவதற்கு அர்த்தமே போய்விடும். நல்லது என்பது அவர் விரும்பினது எதுவோ அதுவே என்றால், “அவர் நல்லவர்” என்பதற்கு “அவர் தாம் விரும்பினதை விரும்புகிறார்” என்று மட்டுமே பொருள். இதைக் கொடுங்கோலனைப் பற்றியும் சொல்லலாம். மேலும், அவருக்கு ஏன் கீழ்ப்படியவேண்டும் என்று கேட்டால், தண்டிப்பார் என்ற பயத்தைத் தவிர வேறு பதில் இராது.

இரண்டாம் வழியில் போவோம். நன்மை தானாகவே நன்மை. சர்வேசுரன் அதைக் கண்டு நமக்குச் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அப்பொழுது சர்வேசுரனுக்கு மேலே ஒரு சட்டம் நிற்கும். மாவட்ட நீதிபதி அரசாங்கச் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவதுபோல, அவரும் தமக்கு மேலுள்ள சட்டத்தைப் பார்த்துச் சொல்லுகிறவராவார். எல்லாவற்றையும் உண்டாக்கினவர் நன்மைக்கு மாத்திரம் அஞ்சற்காரராக இருப்பார். இதையும் நாம் விசுவாசிக்கிறதில்லை.

முதல் வழியில் போனால் சர்வேசுரன் நல்லவர் என்பது போகும். இரண்டாம் வழியில் போனால் அவர் சர்வேசுரன் என்பது போகும். இதுதான் இக்கட்டு.

அர்ச். தோமாஸ் காட்டும் வழி

1274-இல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இந்த இக்கட்டில் நமக்கு வழிகாட்டி. அவர் போதனையின் சாரம் இது. சர்வேசுரன் நன்மையைத் தமக்கு வெளியே இருந்து பெறுகிறதுமில்லை. தம் மனம்போனபடி நியமிக்கிறதுமில்லை. அவரே நன்மை. அவருடைய சித்தம் அவருடைய ஞானத்துக்கு விரோதமாகப் போகமுடியாது. ஏனெனில் சித்தமும் ஞானமும் நன்மையும் அவரிடத்தில் மூன்று தனித்தனிப் பொருள்களல்ல. ஆகவே அவர் நன்மையைக் கட்டளையிடும்போது தமக்கு மேலான ஒன்றுக்குக் கீழ்ப்படிவதுமில்லை, சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுமில்லை. தாம் எப்படிப்பட்டவரோ அதை நமக்கு வெளிப்படுத்துகிறார்.

அவர் நம்மையும் அந்த ஞானத்தின்படியே படைத்தார். ஆகையால் எது நமக்கு நன்மை, எது கேடு என்று புத்தியால் ஒருவாறு அறிகிறோம். இதற்கு இயற்கைச் சட்டம் என்று பெயர். கற்பனைகளைக் கேள்விப்பட்டிராத ஊரிலும் தாய் பிள்ளையைக் காக்கிறாள். கூலியை ஏமாற்றுகிறவனை ஊர் ஏசுகிறது. சீனாய் மலையில் கற்பலகையில் எழுதப்பட்டது, முன்னமே மனிதன் இருதயத்தில் எழுதப்பட்டிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை ஒளிக்கலாகாது. “கேள்வியை ஓர் அடி பின்னே தள்ளிவிட்டீர்களே தவிர, பதில் சொல்லவில்லை. சர்வேசுரனுடைய சுபாவம் நல்லதாயிருப்பது அது அவருடையது என்பதாலா, அல்லது அது நன்மையின் அளவுகோலுக்குப் பொருந்துவதாலா?” என்று இன்றும் தத்துவ சாஸ்திரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாயசம் ஏன் இனிக்கிறது? வெல்லம் போட்டதால். வெல்லம் ஏன் இனிக்கிறது? கரும்புச் சாற்றால். கரும்போ மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் வாங்கிக்கொண்டு இனிப்பை உண்டாக்குகிறது. உலகப் பொருள்கள் எல்லாம் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளுகின்றன, ஆனபடியால் எதைக் குறித்தும் “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கலாம. ஆனால் வாங்குவோர் மட்டுமே இருந்து, கொடுப்பவர் ஒருவருமே இல்லையென்றால், வாங்குவதும் நடவாது. தன்னிலேயே நன்மையாயிருக்கிற ஒருவரிடத்தில் போய் அந்தக் கேள்வி நிற்கவேண்டும். அங்கே அது பதிலில்லாமல் நிற்கிறதன்று, கேட்க இடமில்லாமல் நிற்கிறது.

இந்த உவமை முழுதும் பொருந்தாது. சர்வேசுரனைப் பற்றிய எந்த உவமையும் பொருந்தாது. நன்மையே உருவான ஒருவர் எப்படியிருப்பார் என்பதை நம் புத்தி சுட்டிக்காட்ட முடியுமேயன்றி அளந்து முடிக்க முடியாது. அந்த எல்லையை ஒப்புக்கொள்ளுவது வெட்கமல்ல. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகக் கிடைத்தது: சர்வேசுரன் கொடுமையைக் கட்டளையிட்டால் கொடுமையும் நன்மையாகிவிடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் ஈசாக்?

உடனே நீங்கள் ஆபிரகாமை நினைப்பீர்கள். தன் மகன் ஈசாக்கைப் பலியிடும்படி அவனுக்குக் கட்டளை வந்ததே! அர்ச். தோமாஸ் இதற்குச் சொல்லும் பதில்: உயிரைக் கொடுத்தவர் அதை எடுத்துக்கொள்ள உரிமையுள்ளவர், ஆகவே அவர் உத்தரவின்படி நடப்பது அநியாயக் கொலையாகாது. இந்தப் பதில் உரிமையைப் பற்றிய கேள்வியைத் தீர்க்கிறது. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இதனால் மனம் ஆறும் என்று சொல்லமாட்டேன்.

ஆகையால் ஆதியாகமத்தில் இன்னும் இரண்டு காரியங்களைச் சேர்த்து வாசிக்கவேண்டும். 22-ம் அதிகாரத்துக்கு முன் 18-ம் அதிகாரம் இருக்கிறது. அங்கே சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் சர்வேசுரனோடு பேரம் பேசுகிறான். உலகத்துக்கே நடுவரானவர் நல்லவனையும் கெட்டவனையும் ஒன்றாக அழிப்பது நீதியாகுமா என்று முகத்துக்கு முன்னே கேட்கிறான். ஐம்பதில் தொடங்கிப் பத்து நீதிமான்கள் வரையில் இறங்கி வருகிறான். சர்வேசுரன் அவனை அதட்டவில்லை. ஒவ்வொரு முறையும் இணங்குகிறார். நீதி என்றால் அவர் செய்வது எதுவோ அதுவே என்று மட்டும் ஆபிரகாம் எண்ணியிருந்தால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இராது. இரண்டாவது, மலைமேல் நடந்த கதையின் முடிவு. கத்தி தடுக்கப்பட்டது; பிள்ளை பிழைத்தது. பிள்ளைகளைப் பலியிடும் வழக்கத்தைப் பின்வந்த தீர்க்கதரிசிகள் அருவருப்பு என்று கண்டித்தார்கள். ஆகவே இனி ஒருவன் தன் பிள்ளைக்குத் தீங்கு செய்யச் சொல்லி ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னால், அது சர்வேசுரனுடைய குரலல்ல என்று நாம் தயங்காமல் சொல்லவேண்டும்.

1704-ம் ஆண்டு, புதுச்சேரியில்

நிற்க. நன்மை என்பதால் கட்டளையிடப்பட்டவை என்று இதுவரை சொன்னோம். ஆனால் கட்டளையிடப்பட்டதால் மட்டுமே கடமையாகும் காரியங்களும் உண்டு. இரண்டையும் கலந்துவிடுவதால் வரும் கேட்டை நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்திலேயே பார்க்கலாம்.

1703-ம் ஆண்டு நவம்பரில், பாப்புவின் தூதராகத் துர்னோன் ஆண்டகை சீன தேசத்துக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ் நாட்டில் சேசுசபைக் குருக்கள் அனுசரித்த சில வழக்கங்களைப் பற்றி உரோமையில் அப்போது விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் விசாரித்து, 1704 ஜூலையில் ஒரு கட்டளைத் தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள இரண்டு காரியங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டுப் பூசுவது. சேசுநாதர் ஊமைச் செவிடனைக் குணமாக்கினதை நினைத்து ஏற்பட்ட சடங்கு அது. எச்சில் என்றாலே நம் மக்கள் அருவருப்பார்கள் என்று கண்டு, இங்கிருந்த குருக்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள். அதை விடக்கூடாது என்றார் தூதர்.

இரண்டாவது, சேரியில் நோயாய்க் கிடக்கும் கிறிஸ்தவர்கள். உயர்சாதியார் நடுவில் ஊழியம் செய்த குருக்கள் சேரி வீட்டுக்குள் போகமாட்டார்கள். நோயாளியை வேறோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். இனிமேல் குரு அவன் வீட்டுக்கே போய்க் கடைசித் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்றார் தூதர்.

இரண்டும் ஒரே கட்டளைத் தொகுப்பில், ஒரே அதிகாரத்தால் சொல்லப்பட்டவை. ஆனால் இரண்டும் ஒரே வகையா? சாக்ரட்டீஸின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். உமிழ்நீர்ச் சடங்கு திருச்சபை நியமித்ததால் கடமையாயிற்று. அதற்குமுன் அது கடமையல்ல. திருச்சபை மாற்றினால் அப்புறமும் கடமையல்ல. அப்படியே நடந்தது. பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பு 1744-இல் இந்த விவாதத்துக்கு முடிவு கட்டியபோது, அச்சடங்குக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்குக் கொடுத்தார். 1969-இல் வந்த புதிய ஞானஸ்நான முறையில் உமிழ்நீரே இல்லை. எந்தக் கற்பனையும் உடையவில்லை.

நோயாளியின் வீட்டுக்குப் போவதோ வேறு வகை. துர்னோன் ஆண்டகை எழுதினதால் அது கடமையாகவில்லை. கடமையாயிருந்ததால் அவர் எழுதினார். அவர் கப்பல் கரை சேராமலே போயிருந்தாலும் அது கடமைதான். எந்தப் பாப்புவும், “சாகிறவனை அவன் சாதிக்காகக் கைவிடு” என்று விலக்குக் கொடுக்கமுடியாது. 1744-இல் பாப்பு அதை விட்டுக்கொடுக்கவில்லை. சேரி மக்களுக்கென்று தனிக் குருக்களை நியமிப்பதாகச் சேசுசபையார் சொன்ன ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். செய்யும் விதத்தில் இடம் கொடுத்தார். செய்யவேண்டியதில் இடம் கொடுக்கவில்லை. தனிக் குருக்கள் என்ற அந்த விதமும் சாதிப் பிரிவினையை உள்ளேயே வைத்திருந்தது என்பதை இன்று நாம் தெளிவாகக் காண்கிறோம்.

அந்தக் குருக்களைக் கல்நெஞ்சர் என்று நினைக்கவேண்டாம். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள் அவர்கள். சேரிக்குள் போனால் மற்றவர்கள் வேதத்தையே விட்டு ஓடிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். அச்சம் வெறும் கற்பனையுமல்ல. ஆனாலும் எச்சில் சடங்கு, நோயாளியின் வீடு என்ற இரண்டும் “வழக்கம்” என்ற ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டன. முந்தினதில் மக்களுக்காக விட்டுக்கொடுத்தது விவேகம். பிந்தினதில் விட்டுக்கொடுத்தபோது அதன் விலையைச் சேரியில் பாயில் கிடந்தவன் கொடுத்தான். நாக்சோஸ் தீவின் பள்ளத்தில் கிடந்தவனும் அப்படித்தான் கொடுத்தான்.

நம் வீடுகளில்

இந்த வித்தியாசம் நமக்கும் தினந்தோறும் வேண்டியது. நம் பாட்டிமார் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமம் முதல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். 1953-இல் தண்ணீருக்குத் தடை நீங்கியது. 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. இதைக் கேட்டுச் சிலர், “நேற்றுப் பாவம், இன்று பாவமில்லையா? அப்படியானால் எல்லாமே குருக்கள் வைத்த சட்டந்தானே” என்கிறார்கள். இல்லை. கட்டளையால் கடமையானது கட்டளையோடு மாறும். அது இருக்கும்வரை கீழ்ப்படிவதும் புண்ணியமே; தகப்பன் சொல்லைப் பிள்ளை கேட்பதுபோல. ஆனால் பொய்ச்சாட்சியும், கூலியைப் பிடித்து வைப்பதும், மனைவியை அடிப்பதும் எந்த ஆண்டிலும் மாறப்போகிறதில்லை.

கேட்டை அறிந்துகொள்ள இரண்டு அடையாளங்கள் சொல்லுகிறேன். ஒன்று: சின்ன விதியைக் காட்டிப் பெரிய கடமையைத் தள்ளிவைப்பது. செபக்கூட்டத்தில் யாரோ தரிசனம் கண்டு மருந்து வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதற்காக, காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் காத்திருப்பவர்கள், விதி கேட்டுவர ஆள் அனுப்பின அந்தத் தகப்பனார் செய்ததையே செய்கிறார்கள். அன்பே உருவான சர்வேசுரன் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று முதலில் கேட்கவேண்டும். ஓய்வுநாளிலே சூம்பின கையை உடையவனைக் குணமாக்கியபோது சேசுநாதர் அங்கே நின்றவர்களிடம் கேட்டதும் இவ்வகைக் கேள்விதான்.

இரண்டு: மனிதன் செய்த அநியாயத்தைத் “தேவசித்தம்” என்று மூடுவது. வரதட்சணைக் கொடுமையால் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம், “இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. நடப்பதையெல்லாம் சர்வேசுரன் விரும்பிக் கட்டளையிடுகிறார் என்று நாம் விசுவசிக்கிறதில்லை. மனிதருடைய சுயாதீனத்தினிமித்தம் பாவத்தை அவர் விட்டுவைக்கிறார், விரும்புகிறதில்லை. அந்தப் பெண்ணை அடித்தவனுடைய கைக்குச் சர்வேசுரனுடைய பெயரைக் கொடுப்பது தேவதூஷணத்துக்குக் கிட்டின பேச்சு.

இன்னுமொன்று, எச்சரிக்கையாக. “எனக்கு நல்லதாய்த் தோன்றுகிறது, ஆகையால் அதுவே சர்வேசுரன் சித்தம்” என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடலாகாது. நம் புத்தி ஆசையாலும் பயத்தாலும் சாதிப்பெருமையாலும் கோணிப்போகிறது. அதனால்தான் இருதயத்தில் எழுதப்பட்டதை அவர் கற்பலகையிலும் எழுதிக்கொடுத்தார். கற்பனைகள் நன்மையை உண்டாக்குகிறதில்லை; மங்கின எழுத்தைத் துலக்கிக் காட்டுகின்றன.

குடும்பத்தில் பேசிக்கொள்ள

வினா: கொலை பாவமானது சர்வேசுரன் விலக்கினதாலா?
விடை: கொலை, சர்வேசுரனுடைய சாயலாகிய மனிதனுக்கும் நன்மையே உருவான சர்வேசுரனுக்கும் விரோதமானது. ஆகையால் அது தீமை; ஆகையால் அவர் விலக்கினார். அவர் விலக்கினபடியால் அதைச் செய்வது கீழ்ப்படியாமையும் ஆகிறது.

வினா: சர்வேசுரனுக்கு மேல் ஒரு சட்டம் உண்டா?
விடை: இல்லை. நன்மையின் சட்டம் அவருக்கு மேலுமில்லை, வெளியிலுமில்லை. அது அவருடைய ஞானமே.

வினா: திருச்சபைச் சட்டங்கள் மாறும்போது பாவபுண்ணியமும் மாறிவிடுமா?
விடை: கட்டளையால் மட்டும் கடமையானவை மாறும். தன்னிலே நன்மையும் தீமையுமானவை மாறா.

நான்காவது வினாவுக்கு விடை எழுதவில்லை. இன்றிரவு செபமாலைக்குப் பின் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். நம் வீட்டிலும் நம் ஊரிலும் “இது கடவுள் வைத்தது” என்று நாம் சொல்லும் காரியங்களில், உண்மையில் அவர் வைத்தது எது, நாம் வைத்துவிட்டு அவர் பெயரைப் போட்டது எது?

உங்கள் பங்கு சுவாமி